முடுக்கும் காரில் முன் சக்கர உராய்வு முன்னோக்கி, பின் சக்கர உராய்வு பின்னோக்கியா? என் கணக்கில் குறி எங்கே தவறுகிறது?

கவின்_11

எல்லாருக்கும் வணக்கம். பதினொன்றாம் வகுப்பு படிக்கிறேன். ஒரு கணக்கில் இரண்டு நாளாக மாட்டிக்கொண்டிருக்கிறேன்.

1000 கிலோ கார். எஞ்சின் முன் சக்கரங்களை மட்டும் சுழற்றுகிறது. சமதளச் சாலையில் 2 மீ/வி² முடுக்கத்தில் வலது பக்கம் போகிறது. ஒவ்வொரு சக்கரத்துக்கும் நிறை 15 கிலோ, ஆரம் 0.3 மீ, நிலைமத் திருப்புத்திறன் 0.9 கிலோ மீ². சக்கரங்கள் நழுவாமல் உருள்கின்றன. காற்றுத் தடை கிடையாது. நான்கு சக்கரங்களிலும் சாலை தரும் உராய்வு எவ்வளவு, எந்தத் திசையில்?

பின் சக்கரத்தை முதலில் எடுத்தேன். வலது பக்கம் நேர்க்குறி, இடஞ்சுழி நேர்க்குறி என்று வைத்தேன். F என்பது அச்சு சக்கரத்தைத் தள்ளும் விசை, f என்பது உராய்வு, அதை வலது பக்கம் என்று எடுத்துக்கொண்டேன்.

```
F + f = m a
f R   = I α
a     = R α
f     = I a / R² = 0.9 × 2 / 0.09 = +20 N
```

நேர்க்குறி வந்ததால் முன்னோக்கி என்று எழுதினேன். புத்தக விடை 20 N, பின்னோக்கி. முன் சக்கரத்துக்கு 1020 N, முன்னோக்கி.

உராய்வு எப்போதும் இயக்கத்தை எதிர்க்கும், அதனால்தான் பின் சக்கரத்தில் பின்னோக்கி என்கிறான் நண்பன். அப்படியானால் முன் சக்கரமும் அதே பக்கம்தானே போகிறது? அங்கே மட்டும் எப்படி முன்னோக்கி வரும்?

பழைய_அம்பாசிடர்

தம்பி, இதில் குழம்பவே வேண்டாம். பின் சக்கரம் வண்டியைத் தள்ளும், முன் சக்கரம் சும்மா உருளும். அதனால் பின் சக்கரத்தில் உராய்வு முன்னோக்கி, முன் சக்கரத்தில் பின்னோக்கி. சைக்கிளுக்கும் இதேதான். நாங்கள் படித்த காலத்திலிருந்து நுழைவுத் தேர்வுகளில் வருகிற கேள்வி. உங்கள் புத்தகத்தில் முன்னும் பின்னும் மாறி அச்சாகியிருக்கிறது என்று நினைக்கிறேன்.

சுழல்மதி

ஐயா, நீங்கள் சொல்வது அம்பாசிடருக்கும் சைக்கிளுக்கும் அப்படியே பொருந்தும். இரண்டிலும் இயக்கம் பின் சக்கரத்துக்குத்தான் போகிறது. ஆனால் கவினின் கணக்கில் இருப்பது மாருதி 800 மாதிரி முன் சக்கர இயக்க வண்டி. அதில் தள்ளுகிற சக்கரம் முன்னால் இருக்கிறது. புத்தகத்தில் பிழை இல்லை. முன், பின் என்று மனப்பாடம் செய்தால் வண்டி மாறும்போது விடை தலைகீழாகிவிடும். எந்தச் சக்கரத்தை எஞ்சின் சுழற்றுகிறது, எந்தச் சக்கரத்தை வண்டி இழுத்துக்கொண்டு போகிறது என்று பார்ப்பதுதான் பாதுகாப்பு.

கவின், உங்கள் நண்பர் சொன்ன வாக்கியத்தைச் சற்றுத் திருத்திக்கொள்ளுங்கள். உராய்வுக்குக் கார் எந்தப் பக்கம் போகிறது என்பது தெரியாது. டயர் சாலையைத் தொடுகிற இடம் சாலையின்மேல் எந்தப் பக்கம் நழுவப் பார்க்கிறது என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். அந்த நழுவலைத்தான் அது எதிர்க்கும்.

நழுவல் எந்தப் பக்கம் என்று கண்டுபிடிக்க, உராய்வை ஒரு கணம் இல்லாமல் செய்து பாருங்கள். சாலை முழுக்க எண்ணெய் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆக்சிலரேட்டரை மிதித்தால் முன் சக்கரம் நின்ற இடத்திலேயே வேகமாகச் சுழலும், அதன் அடிப்பகுதி பின்பக்கம் வழுக்கும். அதைத் தடுக்க வரும் உராய்வு முன்னோக்கித்தான் இருக்க வேண்டும். இப்போது பின் சக்கரம். அதற்கு எஞ்சின் இணைப்பு இல்லை. யாரோ காரை முன்னால் இழுத்தால், எண்ணெய்ச் சாலையில் அது சுழலாமலே காரோடு சறுக்கும், அதன் அடிப்பகுதி முன்பக்கம் வழுக்கும். அதைத் தடுக்க உராய்வு பின்னோக்கி வர வேண்டும். அந்தப் பின்னோக்கிய விசைதான் பின் சக்கரத்தைச் சுழலவும் வைக்கிறது. வேறு எதுவும் அதைச் சுழற்றவில்லை.

கவின்_11

நன்றி அக்கா. திசை புரிந்துவிட்டது. ஆனால் என் கணக்கில் f-ஐ வலது பக்கம் என்று எடுத்தது தப்பா? தப்பான திசையில் எடுத்தாலும் எதிர்க்குறி வந்து காட்டிக்கொடுக்கும் என்றுதானே சார் சொல்லியிருக்கிறார்? ஏன் காட்டவில்லை?

சுழல்மதி

உங்கள் சார் சொன்னது சரி. f-ஐ எந்தப் பக்கம் வேண்டுமானாலும் எடுக்கலாம். உங்கள் முதல் வரி சரி, இரண்டாம் வரியும் சரி. வலது நோக்கிய விசை சக்கரத்தின் அடியில் செயல்பட்டால் அது இடஞ்சுழியாகத்தான் திருப்பும். தாளில் ஒரு வட்டம் போட்டு அடியில் வலது பக்கம் அம்பு வரைந்தால் தெரிந்துவிடும்.

தவறு மூன்றாம் வரியில் இருக்கிறது. கார் வலது பக்கம் போனால் சக்கரம் வலஞ்சுழியாகச் சுழலும். நீங்கள் இடஞ்சுழியை நேர்க்குறி என்று வைத்திருக்கிறீர்கள். அப்போது a நேர்க்குறியாக இருக்கும்போது α எதிர்க்குறியாக இருக்க வேண்டும். அதாவது a = −Rα. நழுவாமல் உருளும் நிபந்தனை என்றதும் கை தானாக a = Rα என்று எழுதிவிடும். அது உருளும் திசையை நேர்க்குறியாக எடுத்தவருக்கு மட்டும் உண்மை. அதைத் திருத்தினால் f = −20 N என்று வரும். எதிர்க்குறி காட்டிக்கொடுத்துவிடும்.

எண் சரியாக வந்து குறி மட்டும் மாறுவதால் இந்தத் தவறு லேசில் கண்ணில் படாது. ஆனால் பிடிக்க ஒரு வழி இருக்கிறது. உங்கள் சமன்பாடுகளிலிருந்தே F-ஐக் கண்டுபிடியுங்கள். F = (m − I/R²) a. I/R² என்பது 10 கிலோ. அப்படியென்றால் 15 கிலோ சக்கரத்தை முடுக்க 5 கிலோவுக்கான விசை போதும் என்று ஆகிறது. நிறை முழுவதும் விளிம்பிலேயே இருக்கும் வளையத்தை எடுத்தால் I/R² = m, F சுழி. தள்ளாமலே முடுக்கம்! நடக்காத காரியம். சரியான குறியோடு போட்டால் F = (m + I/R²) a, அதாவது 25 கிலோவை முடுக்குவது போல. சக்கரத்தை நகர்த்தவும் வேண்டும், சுழற்றவும் வேண்டும் என்பதால் அதிகம் தேவைப்படுவதுதான் நியாயம். சக்கரக் கணக்கு எது போட்டாலும் கடைசியில் இந்த I/R² கூடியிருக்கிறதா, கழிந்திருக்கிறதா என்று ஒரு தடவை பாருங்கள்.

முன் சக்கரத்தையும் முடித்துவிடுவோம். இந்தத் தடவை வலஞ்சுழியை நேர்க்குறி என்று வைத்துக்கொள்கிறேன். அப்போது a = Rα என்று தயங்காமல் எழுதலாம். முழுக் காருக்கும் தேவையான விசை 1000 × 2 = 2000 N. பின் சக்கரங்கள் இரண்டும் சேர்ந்து 40 N பின்னோக்கி இழுக்கின்றன. ஆகவே முன் சக்கரங்கள் இரண்டுக்கும் சாலை 2040 N தர வேண்டும், ஒன்றுக்கு 1020 N. இது முன்னோக்கி இருப்பதால் சக்கரத்தை இடஞ்சுழியாகத் திருப்பப் பார்க்கும்.

```
τ − f R = I α
τ − 1020 × 0.3 = 0.9 × (2 / 0.3)
τ − 306 = 6
τ = 312 N m
```

எஞ்சினிலிருந்து ஒவ்வொரு முன் சக்கரத்துக்கும் வரும் 312-இல் 306 சாலையைப் பிடித்துத் தள்ளுவதற்கே போகிறது. சக்கரத்தைச் சுழலவைக்க மிஞ்சுவது 6 மட்டும். காரை முன்னால் கொண்டுபோகிற அதே உராய்வுதான் முன் சக்கரத்தின் சுழற்சியைப் பிடித்து நிறுத்தப் பார்க்கிறது. பின் சக்கரத்தில் இதற்கு நேர்மாறு. அங்கே காரைத் தடுக்கும் உராய்வு சக்கரத்தின் சுழற்சியைக் கூட்டுகிறது. எந்தச் சக்கரத்திலும் உராய்வு காருக்கும் உதவி சுழற்சிக்கும் உதவியாக இருக்க முடியாது, ஏனென்றால் அது அடியில் செயல்படுகிறது. மாணவர்கள் τ + fR என்று எழுதுவது இதை மறப்பதால்தான். உராய்வும் முன்னோக்கி, முடுக்கமும் முன்னோக்கி, ஆகவே திருப்புவிசையும் ஒரே குறி என்று நினைத்துவிடுகிறார்கள்.

களத்துமேடு

நான் படிப்பாளி இல்லை, டிராக்டர் ஓட்டுகிறவன். நீங்கள் நழுவாத சக்கரத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். எங்கள் வயலில் சேற்றில் பெரிய சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றும், வண்டி நகராது. அப்போது உராய்வு பின்னோக்கி மாறிவிடுகிறது என்றுதானே அர்த்தம்? அப்புறம் இன்னொன்று. ஏர் எங்காவது மாட்டிக்கொண்டால் முன் சக்கரம் இரண்டும் தூக்கிக்கொள்கிறது. பிரேக்கில் கோளாறா என்று மெக்கானிக்கிடம் கேட்டேன், அவர் இல்லை என்றார்.

சுழல்மதி

அண்ணே, சேறு எந்தப் பக்கம் பறக்கிறது என்று பாருங்கள். பின்பக்கம்தான் வாரி இறைக்கும். டயர் சேற்றைப் பின்னால் தள்ளுகிறது, சேறு டயரை முன்னால் தள்ளுகிறது. சக்கரம் சுற்றிக்கொண்டு நின்றாலும் திசை மாறுவதில்லை, அளவுதான் போதாமல் போகிறது. கவினின் காரையே எடுங்கள். ஒரு முன் சக்கரத்தின்மேல் சுமார் 2500 N எடை இருக்கும். காய்ந்த சாலையில் உராய்வுக் குணகம் 0.8 என்றால் 2000 N வரை தாங்கும், 1020 தாராளமாகக் கிடைக்கும். மழைச் சாலையில் அது 0.4 ஆனால் எல்லை 1000 N. கேட்பது 1020. அங்கே சக்கரம் நழுவ ஆரம்பிக்கும். நழுவினாலும் கிடைக்கிற விசை முன்னோக்கித்தான்.

முன் சக்கரம் தூக்குவதற்கும் காரணம் இதே முன்னோக்கிய விசைதான், பிரேக்கைச் சந்தேகப்பட வேண்டாம். அது தரைமட்டத்தில் செயல்படுகிறது, வண்டியின் எடை மையம் மேலே இருக்கிறது. அதனால் மூக்கை மேலே தூக்கும். ஏர் மாட்டிக்கொண்ட நேரத்தில் ஆக்சிலரேட்டரைக் கூட்டாதீர்கள், கிளட்சை உடனே மிதித்துவிடுங்கள். டிராக்டர் பின்பக்கமாகக் கவிழ்வது இப்படித்தான்.

இயற்பியல்_வாத்தியார்

நல்ல விவாதம். வகுப்பில் நான் இதைச் செய்து காட்டுவேன். பின்னால் இழுத்து விட்டால் ஓடுகிற பொம்மைக் கார் ஒன்று. மேசைமேல் நான்கைந்து உருண்டைப் பென்சில்களை இணையாக வைத்து அவற்றின்மேல் அட்டை ஒன்றை வைக்கிறேன். விசைச் சக்கரங்கள் அட்டைமேலும் மற்ற இரண்டும் மேசைமேலும் இருக்கும்படி காரை விட்டால் அட்டை பின்பக்கம் பாய்கிறது. சக்கரம் அட்டையைப் பின்னால் தள்ளுகிறது என்பதைக் கண்ணால் பார்த்த பிறகு, அட்டை சக்கரத்தை முன்னால் தள்ளுகிறது என்று சொல்ல மாணவர்களுக்குத் தயக்கம் வருவதில்லை.

ஆனால் ஒரு விஷயத்தைச் சேர்க்க வேண்டும். மேலே போட்ட கணக்கில் கார் ஒரே வேகத்தில் போனால் பின் சக்கர உராய்வு சுழி என்று வரும். உண்மையான காரில் அப்படி இல்லை. உருளும் தடை என்று ஒன்று இருக்கிறது. கார் டயருக்கு அது சக்கரத்தின்மேல் உள்ள எடையில் சுமார் நூற்றில் ஒரு பங்கு. 2500 N எடைக்கு 25 N, பின்னோக்கி.

இங்கேதான் என் நல்ல மாணவர்களும் தடுமாறுவார்கள். அடியில் பின்னோக்கிய 25 N வலஞ்சுழியாகத் திருப்புகிறது. அப்படியென்றால் சக்கரம் மேலும் மேலும் வேகமாகச் சுழல வேண்டுமே? தடை எப்படி வேகத்தைக் கூட்டும்? குறியை மாற்றி முன்னோக்கி என்று எழுதிவிட்டு வருவார்கள். அப்போது சக்கரத்தைத் தள்ளவே வேண்டாம் என்று ஆகிவிடும்.

விடை சாலை தரும் செங்குத்து விசையில் இருக்கிறது. டயர் அடியில் அமுங்கித் தட்டையாகிறது. உருளும்போது முன்பாதி அமுங்கிக்கொண்டிருக்கும், பின்பாதி விரிந்துகொண்டிருக்கும். ரப்பர் அமுங்கும்போது காட்டும் அழுத்தத்தை விரியும்போது திருப்பித் தருவதில்லை. ஆகவே மேல்நோக்கிய விசை மையத்துக்கு நேர் கீழே இல்லாமல் சற்று முன்னால் விழுகிறது. எவ்வளவு என்று பாருங்கள். 25 × 0.3 = 7.5 N m. அதைச் சமன் செய்ய 2500 N விசை 3 மில்லிமீட்டர் முன்னால் இருந்தால் போதும். அந்த 3 மில்லிமீட்டரைப் படத்தில் வரையாவிட்டால் எந்தக் குறியைப் போட்டாலும் கணக்கு முரண்படும்.

பைத்தான்_பையன்

இதே பிரச்சினைதான் எனக்கும் என்று நினைக்கிறேன், வேறு வடிவத்தில். கல்லூரி ப்ராஜெக்டுக்காக ஒரு கார் விளையாட்டு எழுதுகிறேன். ஆக்சிலரேட்டரை அழுத்தினால் சக்கரத்தின் சுழற்சி வேகம் ஏறிக்கொண்டே போகிறது, கார் நகரவே இல்லை. கையால் சின்ன ஆரம்ப வேகம் கொடுத்தால் கொஞ்சம் ஓடி நின்றுவிடுகிறது. உராய்வு வரி இது:

```python
F = -mu * N * np.sign(v)
```

உராய்வு வேகத்துக்கு எதிர்த் திசை என்பதால் கழித்தல் குறி போட்டேன். அதை எடுத்துப் பார்த்தேன், அப்போது பிரேக் போட்டால் கார் வேகம் எடுக்கிறது.

சுழல்மதி

குறியை மாற்றிப் பயனில்லை, அங்கே இருக்க வேண்டிய மாறியே வேறு. v என்பது காரின் வேகம். கவினின் நண்பர் சொன்ன வாக்கியத்தைத்தான் நீங்கள் நிரலாக எழுதியிருக்கிறீர்கள். கார் நிற்கும்போது v சுழி, அதனால் உராய்வும் சுழி, சக்கரம் எவ்வளவு சுழன்றாலும் பிடிப்பே கிடைக்காது. உங்களுக்குத் தேவை தொடுபுள்ளியின் வேகம். முன்னோக்கி உருளும் சுழற்சியை நேர்க்குறியாக எடுத்தால் இப்படி எழுதலாம்:

```python
slip = v - omega * R
F = -mu * N * np.tanh(slip / 0.5)
v += F / m * dt
omega += (T - F * R) / I * dt
```

எஞ்சின் சுழற்றும்போது omega * R காரின் வேகத்தைவிடக் கூடும், slip எதிர்க்குறி ஆகும், F முன்னோக்கி வரும். பிரேக் போட்டால் T எதிர்க்குறி, omega * R குறையும், slip நேர்க்குறி ஆகும், F பின்னோக்கி வரும். சும்மா உருளும் சக்கரத்துக்கு T சுழி. எந்த இடத்திலும் if போட்டுத் திசையை நீங்கள் தீர்மானிக்க வேண்டாம். sign-க்குப் பதில் tanh போட்டதற்குக் காரணம், slip சுழிக்கு அருகில் sign தாவித் தாவி அதிரும். ஒரே சக்கரத்துக்கு மட்டும் போட்டால் m என்பது அந்தச் சக்கரத்தின் பங்குக்கு வரும் நிறை; நான்கு சக்கரத்துக்கும் ஒரே v வைத்துப் போட்டால் நான்கு F-களையும் கூட்டிக் காரின் முழு நிறையால் வகுங்கள். dt-ஐ ஒரு மில்லிவினாடி அளவுக்குக் குறைவாக வையுங்கள், இல்லாவிட்டால் tanh-உம் அதிரும்.

கடைசி வரியில் யாராவது T + F * R என்று எழுதினால் அதற்கும் ஓர் அடையாளம் உண்டு. கார் முன்னால்தான் போகும், ஆனால் omega சட்டென்று கட்டுப்பாடில்லாமல் எகிறும், F அதன் உச்சமான mu * N-இல் போய் ஒட்டிக்கொள்ளும். லேசாக மிதித்தாலும் டயர் சறுக்கிக்கொண்டே இருந்தால் இந்த வரியைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

வெளியிலிருந்து டயர் தரவு எடுத்தால் அச்சுகளையும் சரிபாருங்கள். ஐஎஸ்ஓ 8855-இல் x முன்னால், y இடப்பக்கம், z மேலே. அதில் முன்னோக்கி உருளும் சுழற்சி y அச்சைச் சுற்றி நேர்க்குறி. பழைய எஸ்ஏஇ முறையில் y வலப்பக்கம், z கீழே, அங்கே அதே சுழற்சி எதிர்க்குறி. இரண்டையும் கலந்துவிட்டால் முன்னால் போக வேண்டிய கார் பின்னால் போகும்.

பைத்தான்_பையன்

ஓடுகிறது! பிரேக்கும் சரியாக வேலை செய்கிறது. ஆனால் கார் முழுதாக நிற்பதற்குள் பிரேக்கைத் தொடர்ந்து அழுத்தினால் சக்கரம் ரிவர்ஸில் சுற்ற ஆரம்பிக்கிறது. அதை நானே பார்க்கிறேன்.

பழைய_அம்பாசிடர்

முன் சக்கர இயக்கத்தைப் பற்றிச் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். இப்போது ஒரு கேள்வி. ஓடுகிற காரை நியூட்ரலில் போட்டுவிட்டால் நான்கு சக்கரமும் சும்மா உருளுகிறவைதான். வேகம் மெல்லக் குறைகிறது. அப்போது நான்கிலும் உராய்வு பின்னோக்கி. மிதிக்காத சைக்கிளுக்கும் இரண்டு சக்கரத்திலும் பின்னோக்கி என்றுதான் வழிகாட்டி நூல்கள் எல்லாம் விடை தருகின்றன. இதிலாவது மாற்றுக் கருத்து இல்லையே?

சுழல்மதி

விடை பெரும்பாலும் சரி ஐயா, ஆனால் காரணம் நினைப்பதுபோல் எளிதல்ல. காரை நிறுத்துவது காற்று மட்டும்தான், டயரில் உருளும் தடையே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். கார் வேகம் குறைகிறது, சக்கரங்களும் சுழற்சியைக் குறைக்க வேண்டும். காற்று காரின் உடலைத்தான் தடுக்கிறது, சக்கரத்தின் சுழற்சியை யார் குறைப்பது? சாலை உராய்வுதான். சுழற்சியைக் குறைக்கும் உராய்வு முன்னோக்கி இருக்க வேண்டும். ஆக, தடையில்லாத டயரில், நியூட்ரலில் வேகம் குறையும் காரின் நான்கு சக்கரங்களிலும் உராய்வு முன்னோக்கி. வேகம் கூடும்போது காரைச் சற்றே பிடித்து இழுத்த சக்கரங்கள், குறையும்போது சற்றே தள்ளிவிடுகின்றன.

உண்மைக் காரில் இரண்டும் போட்டியிடும். 110 கி.மீ. வேகத்தில் நியூட்ரலில் விட்டால் கவினின் கார் சுமார் 0.5 மீ/வி² அளவுக்கு வேகம் இழக்கும் என்று வைப்போம். ஒரு சக்கரத்தின் சுழற்சியைக் குறைக்க வேண்டிய முன்னோக்கிய பங்கு 10 × 0.5 = 5 N. உருளும் தடை தரும் பின்னோக்கிய பங்கு 25 N. மிஞ்சுவது 20 N பின்னோக்கி. விடை பின்னோக்கி என்பது உருளும் தடையால் வருகிறது, சும்மா உருளும் சக்கரம் என்பதால் வரவில்லை.

திசை மாற வேண்டுமென்றால் 10 × a என்பது 25-ஐத் தாண்ட வேண்டும், அதாவது 2.5 மீ/வி². காற்று மட்டும் இந்தக் காரை அந்த அளவு இழுக்க வேண்டுமென்றால் மணிக்குச் சுமார் 280 கி.மீ. வேகத்தில் போக வேண்டியிருக்கும். அந்த வேகத்தில் உருளும் தடையும் நூற்றில் ஒன்றில் நிற்காது, கூடும். ஆகவே சாலைக் காரில் இது நடக்குமா என்று நான் உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

இயற்பியல்_வாத்தியார்

இதில் மேடத்தோடு எனக்குச் சின்ன வேறுபாடு உண்டு. இயற்பியல் சரி. ஆனால் தேர்வுக் கேள்வி உருளும் தடையைப் பற்றி ஒன்றும் சொல்லாதபோது மாணவன் என்ன எழுதுவது? மிதிக்காத சைக்கிள் என்று மட்டும் சொன்னால் பின்னோக்கி என்பதைத்தான் எழுதச் சொல்வேன். சைக்கிளில் சக்கரம் லேசு, சுழற்சிப் பங்கு ஒரு நியூட்டனைக்கூட எட்டாது. உருளும் தடை அதைவிடப் பல மடங்கு.

சுழல்மதி

சைக்கிளுக்கு ஒத்துக்கொள்கிறேன் சார். ஆனால் "உருளும் தடை இல்லை" என்று கேள்வியிலேயே எழுதிவிட்டு, விடையில் பின்னோக்கி என்று போடுகிற வழிகாட்டி நூல்களைப் பார்த்திருக்கிறேன். அந்த விடையை ஏற்க முடியாது. அந்தக் கேள்விக்கு முன்னோக்கி என்று எழுதிய பிள்ளைக்கு மதிப்பெண் போக வேண்டும்.

கவின்_11

நான் போட்டுப் பார்த்தேன், குறி சரியாக வருகிறதா சொல்லுங்கள். வலஞ்சுழி நேர்க்குறி, f வலது பக்கம் நேர்க்குறி, N சாலை தரும் செங்குத்து விசை, e அது முன்னால் விழும் அந்த 3 மில்லிமீட்டர். உருளும் தடையையும் சேர்த்து, கார் 2 மீ/வி² முடுக்கத்தில் போகும்போது பின் சக்கரம்:

```
−f R − N e = I α
−0.3 f − 7.5 = 6
f = −45 N
```

20-ம் 25-ம் கூடி 45 N, பின்னோக்கி. நியூட்ரலுக்கு α-வை எதிர்க்குறியாகப் போட்டால் −0.3 f − 7.5 = −1.5, f = −20 N. அக்கா சொன்னதே வருகிறது.

இயற்பியல்_வாத்தியார்

சரியாக இருக்கிறது. N e-க்கு முன்னால் கழித்தல் குறி போட்ட காரணத்தையும் விடைத்தாளில் ஒரு வரி எழுது. முன்னால் விழும் மேல்நோக்கிய விசை இடஞ்சுழியாகத் திருப்புகிறது என்று.

தண்டவாளம்

நான் சரக்கு ரயில் பிரிவில் வேலை பார்க்கிறேன். நியூட்ரல் கணக்கைப் படித்ததும் ஒரு சந்தேகம். எங்கள் வேகன்களில் சக்கரமும் தண்டவாளமும் எஃகு, உருளும் தடை உங்கள் டயரில் பத்தில் ஒரு பங்குக்கு அருகில்தான் இருக்கும். சக்கரமோ மிகக் கனமானது, ஒரு ஜோடியும் அச்சும் சேர்ந்து ஒரு டன் அளவுக்கு வரும். எஞ்சினில் மட்டும் பிரேக் போட்டு வேகத்தைக் குறைக்கும்போது வேகன் சக்கரங்கள் சும்மா உருளுகிறவைதான். அங்கே தண்டவாள உராய்வு முன்னோக்கித் திரும்பிவிடுமா? சுமை ஏற்றிய வேகனுக்கும் காலி வேகனுக்கும் விடை வேறாக இருக்கும் என்று தோன்றுகிறது, ஏனென்றால் உருளும் தடை எடையோடு மாறும், சக்கரத்தின் சுழற்சிப் பங்கு மாறாது. பேரிங்கில் வரும் தடையை எந்தப் பக்கம் சேர்ப்பது?

சுழல்மதி

பேரிங் தடை சுழற்சியை நேரடியாகக் குறைக்கும். ஆகவே அதை உருளும் தடையின் பக்கமே சேர்க்க வேண்டும், N e-யோடு அதே குறியில். காலி வேகனில் திசை மாற வாய்ப்பு அதிகம் என்று நீங்கள் சொன்னது சரியான ஊகம். உங்களிடம் சக்கர ஜோடியின் நிலைமத் திருப்புத்திறன், காலி வேகனின் எடை, எஞ்சின் பிரேக்கில் கிடைக்கும் வேகக் குறைவு இந்த மூன்றும் இருந்தால் போடுங்கள், சேர்ந்து பார்ப்போம்.